பதில் வராத அறிவிப்பு: ஒரு திட்டமிட்ட டவுன்டைமின் நிகழ்வு ஆய்வு

2024 மார்ச் 4, திங்கட்கிழமை காலை எங்கள் 43 வாடிக்கையாளர் நிறுவனங்களுக்கும் ஒரு மெயில் போனது. ஆர்டர், சரக்கு இருப்பு, பில் மூன்றையும் கவனிக்கும் ஒரு சேவையை அவர்களுக்காக நாங்கள் நடத்துகிறோம். மெயில் இவ்வளவுதான்:

> வரும் 31-03 ஞாயிறு அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை திட்டமிட்ட பராமரிப்புப் பணி நடைபெறும். அந்த நேரத்தில் சேவையில் தடை ஏற்படலாம். ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும். ஒத்துழைப்புக்கு நன்றி.

எட்டு நாள் ஆகியும் ஒரு பதிலும் வரவில்லை. பணித்திட்டத்தில் "வாடிக்கையாளர் ஆட்சேபம்: இல்லை" என்று குறித்து வைத்தேன்.

மார்ச் 12 அன்று வேறு ஏதோ கோளாறுக்காக ஒரு கிடங்கு மேலாளர் சப்போர்ட்டுக்கு அழைத்தார். பேச்சுவாக்கில், "31ஆம் தேதி அதிகாலை எங்களுக்குக் காலாண்டு சரக்குக் கணக்கெடுப்பு, அன்றைக்கு எதுவும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். எங்கள் அறிவிப்பை அவர் பார்க்கவே இல்லை. அது அவருடைய நிறுவனத்தில் எங்கள் இன்வாய்ஸை வாங்கிப் பணம் கட்டுகிறவருக்குப் போயிருந்தது. அவருக்கு அது நாலு வரி மெயில், படித்துவிட்டு மூடிவிட்டார். கணக்கெடுப்பு எப்போது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த ஒரு அழைப்புக்குப் பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலிலிருந்து பார்த்தோம்.

என்ன வேலை, ஏன் நான்கு மணி நேரம்

எங்கள் டேட்டாபேஸ் அப்போது போஸ்ட்கிரெஸ் 11. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2023 நவம்பர் 9 அன்று முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் வராது என்பதால் பதிப்பு 15க்கு மாறியே ஆக வேண்டியிருந்தது. சுமார் 900 ஜிபி தரவு. `pg_upgrade --link` முறையில் கோப்புகளை நகலெடுக்காமல் இணைப்பாக மட்டும் வைப்பதால் அப்கிரேடு பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒத்திகையிலும் அப்படித்தான் முடிந்தது.

பத்து நிமிட வேலைக்கு ஏன் நான்கு மணி நேரம் என்று வாடிக்கையாளர் கேட்பது நியாயம்தான். நேரத்தைக் கேட்பது அப்கிரேடு அல்ல, அதன் முன்னும் பின்னும் வருகிற வேலைகள். சேவையை ஒழுங்காக நிறுத்தப் பத்து நிமிடம். தரவின் நகலை வைத்திருக்கும் மாற்றுச் சர்வர் கடைசிப் பதிவு வரை சரியாக வந்துவிட்டதா என்று பார்த்து, அதைத் தனியே துண்டித்து வைக்க 25 நிமிடம். அப்புறம் அப்கிரேடு. இந்தப் பதிப்புகளில் அப்கிரேடு ஆனதும் டேட்டாபேஸின் புள்ளிவிவரங்கள் காலியாக இருக்கும், அதனால் `vacuumdb --all --analyze-in-stages` ஓட வேண்டும். எங்களுக்கு அது 55 நிமிடம். அது முடியாமல் திறந்தால் பெரிய ரிப்போர்ட்டுகள் தவறான வழியில் தேடிக்கொண்டு மணிக்கணக்கில் ஓடும். பிறகு 40 நிமிடம் சரிபார்ப்பு. எல்லாம் சேர்த்து 140 நிமிடம், அதாவது 2 மணிக்குத் தொடங்கினால் 4:20.

மீதி நேரம் பழைய நிலைக்குத் திரும்புவதற்கு. `--link` முறையில் புதிய டேட்டாபேஸை ஒருமுறை ஓடவிட்டால் பழையதை அதே இடத்தில் மறுபடி இயக்குவது பாதுகாப்பில்லை. துண்டித்து வைத்த மாற்றுச் சர்வரைத்தான் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். ஒத்திகையில் அதற்கு 70 நிமிடம் ஆனது. 4:20க்கு "திரும்பிவிடலாம்" என்று முடிவெடுத்தாலும் 5:30க்குச் சேவை பழைய நிலையில் திறந்துவிடும், அரை மணி நேரம் கையில் இருக்கும். ஒரு வாடிக்கையாளர் புதிய டேட்டாபேஸில் ஒரு ஆர்டரைப் பதிந்துவிட்டால் அதன் பிறகு திரும்புவது அந்த ஆர்டரை இழப்பதற்குச் சமம். அதனால் முடிவு திறப்பதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும்.

முதல் மெயிலில் இதில் ஒரு வார்த்தைகூட இல்லை. "தடை ஏற்படலாம்" என்று எழுதியிருந்தோம். உண்மையில் சேவை முழுவதுமாக நிற்கப் போகிறது. "ஏற்படலாம்" என்றால் ஒருவேளை ஏற்படாமலும் போகலாம் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள்.

தேதி ஏன் தவறியது

31ஆம் தேதியை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. ஞாயிறு அதிகாலையில் யார் பயன்படுத்துகிறார்கள் என்று லாக்கைப் பார்த்துத்தான் எடுத்தோம்:

```sql
SELECT client_id, count(*)
FROM request_log
WHERE extract(isodow FROM at AT TIME ZONE 'UTC') = 7
  AND extract(hour FROM at AT TIME ZONE 'UTC') BETWEEN 2 AND 5
  AND at > now() - interval '8 weeks'
GROUP BY client_id
ORDER BY 2 DESC;
```

வாரத்திலேயே மிகக் குறைவான பயன்பாடு அந்த நான்கு மணி நேரத்தில்தான். கிடங்கு நிறுவனத்தின் பெயர் பட்டியலிலேயே இல்லை. எட்டு வாரம் பின்னால் போனால் ஜனவரி முதல் வாரத்தோடு நின்றுவிடுகிறது. முந்தைய காலாண்டு முடிவு 2023 டிசம்பர் 31, அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். தேடலைப் பத்து வாரமாக நீட்டியிருந்தால் அன்று அதிகாலை நடந்த கணக்கெடுப்பு வெளிப்படையாகத் தெரிந்திருக்கும். டிசம்பர் வரை நீட்டிப் பார்த்தபோது தெரியவும் செய்தது. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் வேலையாக இருந்தால் அதுவும் உதவாது. லாக் நடந்ததை மட்டும் காட்டும். இனி நடக்கப் போவது வாடிக்கையாளரின் நாட்காட்டியில் இருக்கிறது, அதனால்தான் அவர்களைக் கேட்கிறோம். கேட்ட விதத்தில்தான் கோளாறு.

அதே நாளில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மார்ச் கடைசி ஞாயிறு அன்று ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். மத்திய ஐரோப்பாவில் 2 மணி ஆனதும் கடிகாரம் 3க்குத் தாவும். எங்கள் மெயிலில் "அதிகாலை 2 மணி" என்று இருந்தது, எந்த நேர மண்டலம் என்று சொல்லவில்லை. அங்கே உள்ள ஒருவர் அதைத் தம் நேரம் என்று எடுத்துக்கொண்டால், அப்படி ஒரு நேரமே அன்றைக்கு அவருக்கு வராது. நாங்கள் நினைத்தது உலகப் பொது நேரமான யூடிசியை. அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் இருப்பவருக்கோ எங்கள் யூடிசி 2 மணி சனிக்கிழமை இரவு 10 மணி. நாளே வேறு.

43 முகவரிகள்

மெயில் யார் யாருக்குப் போனது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நான்கு மெயில்கள் திரும்பி வந்திருந்தன. திரும்பி வரும் மெயில்கள் விழும் பெட்டியை எங்கள் பக்கம் யாரும் பார்ப்பதில்லை. 17 மெயில்கள் கணக்குப் பிரிவுக்குப் போயிருந்தன, ஏனென்றால் ஒப்பந்தத்தில் "தொடர்பு முகவரி" என்ற இடத்தில் இன்வாய்ஸ் முகவரியைத்தான் எழுதியிருந்தார்கள். ஆக, கிட்டத்தட்ட பாதி நிறுவனங்களில் பதில் சொல்லத் தகுதியானவரின் கைக்கு விஷயம் போகவே இல்லை. அந்த மௌனத்தைத்தான் நான் சம்மதம் என்று எழுதி வைத்திருந்தேன்.

இரண்டாம் சுற்றுக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இரண்டு முகவரி வாங்கினோம்: சேவையைத் தினமும் பயன்படுத்தும் பிரிவின் பொறுப்பாளர் ஒருவர், தானியங்கி இணைப்புகளைப் பார்க்கும் தொழில்நுட்ப ஆள் ஒருவர். சப்போர்ட் டிக்கெட்டுகளில் யார் எழுதுகிறார்கள் என்று பார்த்தாலே பாதிப் பெயர்கள் கிடைத்துவிட்டன. மீதிக்கு ஒருவர் இரண்டு நாள் தொலைபேசியில் உட்கார்ந்தார்.

இரண்டாவது மெயில்

புதிய தேதி ஏப்ரல் 14, ஞாயிறு. மெயில் மார்ச் 19 அன்று போனது. அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்குப் போன வடிவம் இது:

> தலைப்பு: ஏப்ரல் 13 சனி இரவு 10 மணி முதல் 4 மணி நேரம் சேவை நிற்கும். ஏப்ரல் 4க்குள் உங்கள் பதில் தேவை
>
> உங்கள் நேரப்படி 2024 ஏப்ரல் 13 சனி இரவு 10:00 முதல் ஏப்ரல் 14 ஞாயிறு அதிகாலை 2:00 வரை (யூடிசி: ஏப்ரல் 14, 02:00 – 06:00) எங்கள் சேவை முழுவதும் நிற்கும். உள்நுழைய முடியாது, பில் போட முடியாது, தானியங்கிக் கோப்புப் பரிமாற்றமும் ஏபிஐ அழைப்புகளும் தோல்வியடையும். ஏற்கெனவே பதிந்த தரவுக்கு எந்த மாற்றமும் வராது.
>
> காரணம்: டேட்டாபேஸை ஆதரவுள்ள பதிப்புக்கு மாற்றுகிறோம். நான்கு மணி நேரத்தில், சிக்கல் வந்தால் பழைய நிலைக்குத் திரும்பத் தேவையான நேரமும் அடங்கும்.
>
> பதில் எழுதுமுன் மூன்றைப் பாருங்கள்: அந்த இரவு கணக்கெடுப்பு, மாத முடிவு, சம்பளப் பட்டியல் போன்ற வேலை உண்டா? அந்த நேரத்தில் தானாக ஓடும் வேலை ஏதும் உண்டா? அது தோற்றால் மறுபடி தானாக முயலுமா?
>
> இந்த மெயிலுக்கு 1, 2, 3 என்ற எண்களில் ஒன்றை மட்டும் எழுதினால் போதும்.
> 1 – எங்களுக்குப் பாதிப்பு இல்லை.
> 2 – பாதிப்பு உண்டு, சமாளிக்க உங்கள் உதவி வேண்டும்.
> 3 – இந்தத் தேதி வேண்டாம். (காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்.)
>
> கடைசி நாள்: ஏப்ரல் 4 வியாழன், யூடிசி 12:00. ஏப்ரல் 8 அன்று இறுதி முடிவைச் சொல்வோம். தேதி மாறினால் மாற்று நாள் ஏப்ரல் 21 ஞாயிறு.

உள்ளூர் நேரத்தை மனக்கணக்கில் போடவில்லை. ஒவ்வொரு மண்டலத்துக்கும் கட்டளை ஓட்டி வந்ததைத்தான் ஒட்டினோம்:

```
$ TZ=America/New_York date -d '2024-04-14 02:00 UTC'
Sat Apr 13 22:00:00 EDT 2024
```

கடைசி நாளை ஏப்ரல் 4 என்று வைத்ததற்குக் கணக்கு உண்டு. ஏப்ரல் 8க்குப் பிறகு ஆட்களின் பணி அட்டவணையும் மாற்றுச் சர்வரும் உறுதியாகிவிடும், அதன் பிறகு தேதியை நகர்த்துவது எங்களுக்கே கடினம். 8ஆம் தேதிக்கு முன்னால், வந்த ஆட்சேபங்களைப் பேசித் தீர்க்கச் சில நாள் வேண்டும். திட்டத்தை மாற்ற முடியாத நிலைக்கு வந்த பிறகு ஆட்சேபம் கேட்டால், அது கேட்பது போன்ற ஒரு சடங்குதான். முதல் மெயிலில் கடைசி நாளே இல்லை, அதனால் "அப்புறம் பார்க்கலாம்" என்று வைத்தவரைக் குறை சொல்ல முடியாது.

எண் 2தான் இந்த மெயிலில் எனக்குப் பிடித்த வரி. "ஆட்சேபம் உண்டா, இல்லையா" என்று மட்டும் கேட்டால், சின்னச் சிக்கல் உள்ளவர்கள் "இதற்குப் போய் வேலையை நிறுத்தச் சொல்வதா" என்று தயங்கி எதுவும் எழுத மாட்டார்கள். அவர்களுடைய சின்னச் சிக்கல்தான் திங்கட்கிழமை காலை பெரிதாகி வந்து நிற்கும்.

வந்த பதில்கள்

கடைசி நாளுக்குள் 29 பேர் எழுதினார்கள். 23 பேர் 1, ஐந்து பேர் 2, ஒருவர் 3. கிடங்கு மேலாளர் 1 என்று எழுதியிருந்தார், அவருடைய கணக்கெடுப்பு மார்ச் 31 அதிகாலையிலேயே முடிந்துவிட்டது.

3 எழுதியவரின் காரணம், ஞாயிற்றுக்கிழமை தங்கள் தொழில்நுட்ப ஆளுக்கு விடுமுறை, புதன் இரவு செய்யுங்கள் என்பது. ஞாயிறு அந்த நேரத்தில் அவர்கள் பக்கம் ஏதும் ஓடுகிறதா என்று கேட்டோம். இல்லை. புதன் இரவு மற்ற பலருக்கு வேலை நேரம். தேதியை மாற்றவில்லை, ஆனால் பொது அறிவிப்பு போவதற்கு முன்பே அவரை அழைத்துக் காரணத்தைச் சொன்னோம். தம் ஆட்சேபம் ஏற்கப்படவில்லை என்பதை ஒருவர் 43 பேருக்குப் போகும் மெயிலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

கடினமாக இருந்தது 2 எழுதிய ஒரு சில்லறை விற்பனை நிறுவனம். அவர்கள் யூடிசியிலிருந்து ஒன்பது மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள். எங்கள் அதிகாலை 2 மணி அவர்களுக்கு ஞாயிறு காலை 11, கடையில் கூட்டம் நிரம்பும் நேரம். மொத்தத்தில் குறைந்த பயன்பாடு என்று லாக் சொன்னதே, அந்தக் குறைந்த பயன்பாட்டில் பாதிக்கு மேல் இவர்களுடையது. பட்டியலின் முதல் வரியிலேயே அவர்கள் இருந்தும், மொத்தத் தொகையை மட்டும் பார்த்ததில் இது மறைந்து போயிருந்தது.

சனிக்கிழமை யூடிசி 18:00க்கு நகர்த்தினால் அவர்களுக்கு ஞாயிறு அதிகாலை 3 மணி, நல்ல நேரம். ஆனால் அமெரிக்கக் கிழக்குப் பகுதிக்கு அது சனி பிற்பகல் 2 மணி, அங்கே ஒன்பது வாடிக்கையாளர்கள் பில் போட்டுக்கொண்டிருப்பார்கள். உலகெங்கும் வாடிக்கையாளர் இருந்தால் எல்லோருக்கும் பொருந்தும் நேரம் என்று ஒன்று கிடையாது. யாருக்குப் பாதிப்பு, அதை எப்படிக் குறைப்பது என்பதுதான் மிச்சக் கேள்வி.

அவர்களிடம் மூன்று கேள்வி கேட்டோம். அந்த நேரத்தில் சரியாக என்ன நடக்கிறது? முன்னாலோ பின்னாலோ தள்ள முடியுமா? முடியாது என்றால், நான்கு மணி நேரம் எது இருந்தால் போதும்? முழுச் சேவையும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை, விலைப்பட்டியல் இருந்தால் விற்பனை நடக்கும் என்று தெரிந்தது. யூடிசி 01:30க்கு விலைப்பட்டியலைக் கோப்பாக எடுத்துக் கொடுப்பது, அவர்கள் விற்பனையை விரிதாளில் பதிந்து பிறகு மொத்தமாக ஏற்றுவது என்று முடிவானது. ஏப்ரல் 10 அன்று 20 போலிப் பில்களை வைத்து ஏற்றிப் பார்த்தோம். எல்லாப் பில்லிலும் விற்ற நேரத்துக்குப் பதில் ஏற்றிய நேரம் விழுந்திருந்தது. அன்றே திருத்தினோம். ஒத்திகை இல்லாமல் போயிருந்தால் அவர்களுடைய அன்றைய கணக்கு முழுவதும் தப்பாகியிருக்கும்.

இன்னொரு 2, ஏப்ரல் 3 மாலை ஒரு நிறுவனத்தின் புரோகிராமரிடமிருந்து வந்தது. அவர்களுடைய சர்வர் தினமும் யூடிசி 03:30க்கு எங்களுக்கு ஒரு கோப்பை அனுப்பும். தோற்றால் மறுபடி முயலாது, அடுத்த நாள் கோப்பில் முந்தைய நாள் தரவும் இருக்காது. மெயிலில் இருந்த மூன்றாவது கேள்வியைப் படித்த பிறகுதான் தம் நிரலைத் திறந்து பார்த்ததாகச் சொன்னார். அன்று மட்டும் கையால் 07:00க்கு ஓட்டுவதாக ஒப்புக்கொண்டார்.

அவர் கேட்ட ஒரு கேள்வி எங்கள் பக்கத்துத் தவறையும் காட்டியது: "மூடியிருக்கும்போது எங்களுக்கு என்ன குறியீடு வரும்?" சோதித்துப் பார்த்தால், எங்கள் பராமரிப்புப் பக்கம் 200 என்ற குறியீட்டோடு போய்க்கொண்டிருந்தது. மனிதருக்கு அது "மன்னிக்கவும்" பக்கம், நிரலுக்கு "கோப்பு கிடைத்துவிட்டது" என்ற செய்தி. பிழையே தெரியாமல் தரவு காணாமல் போகும். சேவை இப்போது இல்லை என்று நிரலுக்குச் சொல்லும் 503 ஆக மாற்றி, எப்போது திரும்ப முயலலாம் என்று சொல்லும் `Retry-After` வரியையும் சேர்த்தோம்.

மீதி 14 பேர் மௌனம். எல்லோரையும் துரத்தவில்லை. பத்து வார லாக்கில் அந்த நேரத்தில் தென்பட்ட ஐந்து பேரை மட்டும் தொலைபேசியில் பிடித்தோம், ஐவரும் 1 என்றார்கள். மற்ற ஒன்பது பேருக்கு, பதில் இல்லாததால் பாதிப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டு தொடர்கிறோம், 12ஆம் தேதி வரை அழைக்கலாம் என்று தொலைபேசி எண்ணோடு எழுதினோம். மௌனத்தை வைத்து முடிவெடுப்பதாக இருந்தால் அதை அவர்களிடமே சொல்லிவிடுவது நல்லது.

அந்த இரவும் பிறகும்

02:00க்கு நிறுத்தினோம். ஒத்திகையில் வந்த நேரங்களே ஏறக்குறைய வந்தன. 04:20க்கு எங்கள் பக்கம் நான்கு பேர் தொலைபேசி இணைப்பில் சரிபார்ப்புப் பட்டியலைப் படித்து, திரும்ப வேண்டியதில்லை என்று முடிவெடுத்து, 04:30க்குத் திறந்தோம். விற்பனை நிறுவனத்துக்கு உடனே அழைத்துச் சொன்னோம், அவர்கள் விரிதாளை மூடிவிட்டு நேரடியாகப் பில் போடத் தொடங்கினார்கள். புரோகிராமரின் கோப்பு 07:00க்கு வந்து சேர்ந்தது. எல்லோருக்கும் ஒரு வரி மெயில்: "பணி முடிந்தது, சேவை வழக்கம்போல் இயங்குகிறது."

செவ்வாய்க்கிழமை ஒரு அழைப்பு வந்தது. 2 எழுதிய வேறொரு நிறுவனம், எங்கள் ஆலோசனைப்படியே தங்கள் தானியங்கி இருப்புப் புதுப்பிப்பைச் சனிக்கிழமை நிறுத்தி வைத்திருந்தது. அதை மறுபடி இயக்க மறந்துவிட்டார்கள். இரண்டு நாள் பழைய இருப்பை நம்பி ஆர்டர் எடுத்திருக்கிறார்கள். நிறுத்தச் சொன்னது நாங்கள், திரும்ப இயக்கச் சொல்லாததும் நாங்கள்தான்.

இப்போது யாரோடு என்ன ஒப்புக்கொண்டோம் என்பது ஒரு தாளில் பெயர்வாரியாக இருக்கும். பணி முடிந்ததும் போகும் மெயிலில் அவரவருக்கான வரி தனியாக இருக்கும்: "நீங்கள் நிறுத்தி வைத்த இருப்புப் புதுப்பிப்பை இப்போது இயக்கலாம். இயக்கியதும் இதற்குப் பதில் எழுதுங்கள்." அன்று மதியத்துக்குள் பதில் வராவிட்டால் நாங்களே அழைக்கிறோம்.